கையில் இருக்கும் வேலையும் கைவந்த வேலையும்

நான் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் சேர்ந்தபோது, வேலையைப் பிரித்துக் கொடுக்க அங்கே மென்பொருள் எதுவும் இல்லை. ஷிப்ட் மேற்பார்வையாளர்தான் எல்லாம். வந்த மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகத் திறப்பார், தலையை உயர்த்தி அறையை ஒரு சுற்றுப் பார்ப்பார். "இது தெலுங்கு, ரமணிக்கு. இது பணம் திரும்பக் கேட்பது. கவிதாவிடம் ஏற்கனவே நாலு கிடக்கிறது, செல்விக்குப் போகட்டும்" என்று முணுமுணுத்தபடியே அனுப்பிவிடுவார். (பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.)

அந்த ஒரு சுற்றுப் பார்வைக்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. இந்த வேலை யாருக்குத் தெரியும்? தெரிந்தவர்களில் யாருக்கு இப்போது கை காலியாக இருக்கிறது? இன்று சேவை மையங்களில் ஓடும் பெரும்பாலான ஒதுக்கீட்டு மென்பொருள்கள் கேட்பது இதே இரண்டு கேள்விகளைத்தான், இதே வரிசையில்தான். முதலில் திறனை வைத்துச் சலிக்கும். சலிப்பில் நின்றவர்களில் வேலைப்பளுவை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். ஆனால் மேற்பார்வையாளருக்குச் செல்வியின் முகத்தைப் பார்த்தே அவர் களைத்துப்போயிருப்பது தெரியும். மென்பொருளுக்கோ, மேலாளர் எண்ணாக எழுதிக் கொடுத்தது மட்டும்தான் தெரியும். எனவே எந்த எண்ணை எங்கே எழுதுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நான் அதிகம் புழங்கியது சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தின் Omni-Channel என்ற ஏற்பாடு. மற்றவற்றில் பெயர்கள் மாறும், உள்ளே ஓடும் கணக்கு பெரிதாக மாறாது. ஆகவே அதையே கையில் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வேலைப்பளு. ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு கொள்ளளவை மேலாளர் எழுதுகிறார். நம் எடுத்துக்காட்டில் அது 12 அலகு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வகை வேலைக்கும் ஓர் எடை: தொலைபேசி அழைப்பு 12, சாட் 4, மின்னஞ்சல் 1. சாட்டுக்கு ஏன் 4? அனுபவமுள்ள ஓர் ஊழியர் ஒரே நேரத்தில் மூன்று சாட்டைத் தடுமாறாமல் பார்த்துக்கொள்வார் என்பது எங்கள் மையத்தில் நாங்கள் கண்ட அனுபவம். பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் நான்கு. அழைப்பில் இருக்கும்போது வேறு எதையும் பார்க்க முடியாது, அதனால் முழுக் கொள்ளளவும் அதற்கே.

இங்கே புதிய மேலாளர்கள் பெரும்பாலும் ஒரு தவறு செய்கிறார்கள். எந்த வேலை முடிய அதிக நேரம் பிடிக்குமோ அதற்கு அதிக எடை போட்டுவிடுகிறார்கள். பணம் திரும்பக் கேட்கும் ஒரு மின்னஞ்சல் முடிய மூன்று நாள் ஆகலாம். ஆனால் அந்த மூன்று நாளில் பெரும்பகுதி வங்கியின் பதிலுக்காகக் காத்திருப்பது; ஊழியரின் கவனம் அதில் இருப்பது பத்து நிமிடம். நான்கே நிமிடத்தில் முடியும் அழைப்பு, அந்த நான்கு நிமிடமும் ஆளை முழுசாக எடுத்துக்கொள்கிறது. எடை அளப்பது ஒரே வேளையில் எத்தனையைத் தாங்க முடியும் என்பதை. எத்தனை நேரம் ஆகும் என்பது வேறு கணக்கு, அது ஆள் எண்ணிக்கையைத் திட்டமிட உதவும்.

அடுத்து, யாருக்குக் கொடுப்பது என்ற தேர்வு. Omni-Channel இதற்கு முக்கியமாக இரண்டு வழிகளைத் தருகிறது. Least Active என்றால், கையில் இப்போது குறைவாக வேலை வைத்திருப்பவருக்கு. Most Available என்றால், கொள்ளளவில் மிச்சம் அதிகமாக இருப்பவருக்கு. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். எல்லோருக்கும் ஒரே கொள்ளளவு என்றால் உண்மையிலேயே ஒன்றுதான். கொள்ளளவு மாறும்போதுதான் பாதை பிரிகிறது, எந்த மையத்திலும் அது மாறாமல் இருப்பதில்லை. போன வாரம் சேர்ந்தவருக்கும் ஐந்து வருடம் இருப்பவருக்கும் ஒரே எண்ணை யாரும் எழுதமாட்டார்கள்.

கவிதாவின் கொள்ளளவு 12, கையில் 5 அலகு. புதிதாகச் சேர்ந்த மணியின் கொள்ளளவு 6, கையில் 4. ஒரு மின்னஞ்சல் வருகிறது. Least Active கணக்கில் நாலு ஐந்தைவிடக் குறைவு, எனவே மணிக்குப் போகும். மணி தன் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கை ஏற்கனவே நிரப்பிவிட்டார், கவிதா பாதிகூட நிரப்பவில்லை. அதைப் பற்றி அந்த விதிக்குக் கவலை இல்லை. Most Available கணக்கில் கவிதாவுக்கு மிச்சம் 7, மணிக்கு மிச்சம் 2. கவிதாவுக்குப் போகும். பார்த்தால் இரண்டாவதுதான் நியாயம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அதையே போட்டு வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, காலை ஷிப்டில் இருந்த புதியவர்கள் இருவர் தங்களுக்கு வேலையே வருவதில்லை என்று வந்து நின்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. காலை ஒன்பது மணிக்கு எல்லோர் கையும் காலி. மூத்தவர்கள் மூவருக்கும் மிச்சம் 12, புதியவர்கள் இருவருக்கும் மிச்சம் 6. முதல் மின்னஞ்சல் ஒரு மூத்தவருக்கு. அவர் மிச்சம் 11. அடுத்தது இன்னொரு மூத்தவருக்கு. மூன்று மூத்தவர்களும் ஆளுக்கு ஆறு வாங்கி, அவர்கள் மிச்சமும் ஆறுக்கு இறங்கிய பிறகுதான் புதியவர்கள் போட்டிக்கே வருகிறார்கள். அதாவது முதல் பதினெட்டு மின்னஞ்சல் அவர்களைத் தொடாமலே போகும். அதுவும் மூத்தவர்கள் இடையில் ஒன்றையும் முடிக்காமல் இருந்தால். அவர்களோ முடித்துக்கொண்டே இருப்பார்கள், மிச்சம் ஏறிக்கொண்டே இருக்கும். மந்தமான காலைப்பொழுதில் புதியவர்களின் முறை வரவே வராது. கூட்டம் அதிகமான நாளில் மட்டும், அதுவும் எல்லோரும் திணறும் நேரத்தில், அவர்களுக்கு வேலை வரும். பழகுவதற்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது.

இதற்கு முழுத் தீர்வு என்று நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எளிய மின்னஞ்சல்களுக்குத் தனி வரிசை வைத்து, காலை இரண்டு மணி நேரம் புதியவர்களை மட்டும் அதில் சேர்த்தோம். கையால் செய்யும் திருத்தம்தான், ஆனால் வேலை செய்தது.

வேலைப்பளுக் கணக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. பஸ்ஸில் காலி இருக்கைகள் பன்னிரண்டு இருக்கும், ஆனால் நான்கு பேர் குடும்பம் சேர்ந்து உட்கார ஓர் இடமும் இருக்காது, அதே கதை. நான்கு ஊழியர்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒன்பது மின்னஞ்சல், ஒவ்வொருவருக்கும் மிச்சம் 3. மொத்தத்தில் 12 அலகு காலி என்று திரை காட்டும். நான்கு அலகு எடையுள்ள சாட் ஒன்று வருகிறது, அதை வாங்க ஒருவருக்கும் இடமில்லை. வாடிக்கையாளர் காத்திருக்கிறார், மேலாளரோ "ஆள்தான் இருக்கிறதே" என்கிறார். சின்ன வேலைகள் எல்லோர் இடுக்கிலும் போய் நிறைந்துகொண்டதன் விளைவு இது. அழைப்புகளுக்கு இது இன்னும் மோசம். அதற்கு முழுவதும் காலியான ஆள் வேண்டும், ஒரே ஒரு மின்னஞ்சல் கையில் இருந்தாலும் அவர் தகுதியில்லாதவர் ஆகிவிடுகிறார். இதனால்தான் பிற்காலத்தில் மின்னஞ்சல் போன்ற, பாதியில் விட்டுவிட்டுத் திரும்பக்கூடிய வேலைகளை Interruptible என்று குறித்து வைக்கும் வசதி வந்தது. அப்படிக் குறித்த வேலை சாட்டுக்கும் அழைப்புக்கும் வழிமறிக்காது. அந்த வசதி இல்லாத மென்பொருளில் மின்னஞ்சலுக்கு ஒரு குழு, சாட்டுக்கு ஒரு குழு என்று பிரிப்பதே நிம்மதி.

இனி திறன். நம் ஊர் சேவை மையங்களில் திறன் என்றால் முதலில் மொழிதான். ஊழியருக்கு நேரே தமிழ், தெலுங்கு, இந்தி என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை ஒரு நிலையும் கொடுக்கலாம். பிறகு வேலையைச் சார்ந்தவை: பணம் திருப்புதல், பொருத்துதல், உத்தரவாதம். வரும் வேலையில் வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த மொழியும் காரணமும் இருக்கும். அதிலிருந்து தேவையான திறன்களை மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. மூன்று திறன் கேட்டால் மூன்றும் உள்ளவர்தான் சலிப்பில் நிற்பார்.

இங்கேதான் ஆசை கண்ணை மறைக்கும். திறன் பட்டியல் நீள நீள, ஒவ்வொரு வேலைக்கும் பொருத்தமான ஆள் ஒருவரோ இருவரோ என்று சுருங்கிவிடும். ஐம்பது பேர் இருக்கும் அறையில் தெலுங்கும் பணம் திருப்புதலும் தெரிந்தவர் ரமணி மட்டும் என்றால், அந்த வேலைகளைப் பொறுத்தவரை அது ஒரு நபர் மையம். அவர் சாப்பிடப் போனால் மையம் மூடியிருக்கிறது.

அதனால் விதியில் ஒரு தளர்வு வைக்க வேண்டும். கட்டாயத் திறன் எது, கூடுதல் திறன் எது என்று பிரித்து, இத்தனை நொடி காத்திருந்தும் ஆள் கிடைக்காவிட்டால் கூடுதல் திறனை விட்டுவிடு என்று சொல்லலாம். ஒரு சாட்டைப் பின்தொடர்ந்து பார்ப்போம். 11:02:00 மணிக்கு வருகிறது. தெலுங்கு கட்டாயம், பணம் திருப்புதல் கூடுதல், தளர்வு 60 நொடி. ரமணியின் கை நிறைந்திருக்கிறது, 12-க்கு 12. சுரேஷுக்குத் தெலுங்கு தெரியும், பணம் திருப்புதல் தெரியாது, கையில் 4. ஒரு நிமிடம் எதுவும் நடக்காது. 11:03:00 மணிக்குக் கூடுதல் திறன் உதிர்கிறது. சுரேஷின் திரையில் சாட் வருகிறது, 11:03:12-க்கு ஏற்கிறார். வாடிக்கையாளர் காத்திருந்தது 72 நொடி. ரமணியின் முந்தைய சாட் முடிந்தது 11:09-க்கு. தளர்வு இல்லாமல் இருந்தால் ஏழு நிமிடம், அதற்குள் பாதிப் பேர் சாட்டை மூடிவிட்டுப் போயிருப்பார்கள்.

எதைக் கட்டாயம் என்று வைப்பது, எதைக் கூடுதல் என்று வைப்பது? நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: பக்கத்து மேசையில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா? பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று சுரேஷ் ரமணியிடம் எட்டிக் கேட்டுவிடலாம். தெலுங்கை அப்படிக் கேட்க முடியாது. ஆகவே மொழி ஒருபோதும் உதிரக்கூடாது. சட்டப்படி சான்று பெற்றவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையும் அப்படித்தான்.

தளர்வு நேரத்தை மிகவும் குறைத்துவிடுவதும் நடக்கும். காத்திருப்பு நேர அறிக்கை மேலிடத்துக்குப் போகும் மையங்களில் அறுபது முப்பதாகி, முப்பது பத்தாகிவிடும். பத்து நொடியில் கூட்ட நேரத்தில் யாருக்குத்தான் கை காலியாகும்? வரும் எல்லா வேலையும் திறனை உதிர்த்துவிட்டு யாரிடமாவது போய்ச் சேரும். காத்திருப்பு நேரம் அழகாகக் குறையும், திறன் விதி பெயருக்கு மட்டும் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க, ஓர் ஊழியரிடம் இருந்து இன்னொருவருக்கு மாற்றி அனுப்பிய வேலைகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். காத்திருப்பு குறைந்த அதே வாரத்தில் அது ஏறியிருந்தால், வாடிக்கையாளர் வரிசையில் காத்திருப்பதற்குப் பதில் தெரியாதவரிடம் காத்திருக்கிறார் என்று பொருள்.

ஒருவருக்கு எத்தனை திறன் இருந்தால் போதும் என்ற கேள்விக்கு ஆறுதலான ஒரு பதில் உண்டு. ராட்னி வாலஸ், வார்ட் விட் என்ற இரு ஆய்வாளர்கள் அழைப்பு மையங்களை மாதிரியாக வைத்து 2005-இல் வெளியிட்ட கட்டுரையில், திறன்களைச் சரியாகப் பங்கிட்டால், ஆளுக்கு இரண்டு திறன் இருக்கும் மையம், எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த மையத்துக்குக் கிட்டத்தட்ட இணையாக இயங்கும் என்று காட்டினார்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவதில்தான் பெரும்பலன். எனவே ரமணிக்கு ஆறாவது திறனைக் கற்றுத்தருவதைவிட, சுரேஷுக்கு இரண்டாவதைக் கற்றுத்தருவது மேல். பயிற்சிக்கு அனுப்பப்படுவதோ எப்போதும் ரமணிதான்.

ரமணியைச் சுற்றி இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அவருக்குத் தமிழும் தெரியும். காலையில் தமிழ் சாட்டுகள் குவிகின்றன, தமிழ் தெரிந்தவர்களில் ரமணிக்கு மிச்சம் அதிகம், விதிப்படி அவருக்கே போகின்றன. மூன்றோடு அவர் நிறைந்துவிடுகிறார். அடுத்த நிமிடம் தெலுங்கு வருகிறது. அறையில் தமிழ் தெரிந்த பத்துப் பேர் இருக்க, தெலுங்குக்காரர் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு முடிவும் அந்தந்த நொடியில் சரியானதுதான். அடுத்து என்ன வரும் என்று பார்க்கத் தெரியாத விதி இப்படித்தான் முடியும். பழைய மேற்பார்வையாளர் ரமணியைத் தொடாமல் வைத்திருப்பார்.

இந்தத் 'தொடாமல் வைத்திரு' என்பதை மிகத் தெளிவாக எழுத முடிவது, திறந்தமூலத் தொலைபேசி மென்பொருளான ஆஸ்டெரிஸ்க்கில். அதில் ஒவ்வொரு ஊழியருக்கும் வரிசைவாரியாக ஓர் அபராத எண் கொடுக்கலாம். எண் கூடுதல் என்றால் அந்த வரிசையில் கடைசியாகக் கூப்பிடப்படுவார். `queues.conf` கோப்பில் இப்படி:

```
[tamil]
strategy = leastrecent
ringinuse = no
defaultrule = tamil-wait
member => PJSIP/101,0
member => PJSIP/102,0
member => PJSIP/104,5

[telugu]
strategy = leastrecent
ringinuse = no
member => PJSIP/104,0
```

104 ரமணி. தெலுங்கில் அவருக்கு அபராதம் 0, தமிழில் 5. அழைப்பு தமிழ் வரிசைக்குள் நுழையும் முன் `QUEUE_MAX_PENALTY` மாறியை 1 என்று வைத்துவிட்டால், அதற்கு மேல் அபராதம் உள்ளவர்கள் கணக்கிலேயே இருக்கமாட்டார்கள். பிறகு `queuerules.conf` கோப்பில் தளர்வு:

```
[tamil-wait]
penaltychange => 40,5
```

தமிழ் அழைப்பு 40 நொடி காத்திருந்தால் உச்சவரம்பு 5 ஆகிறது, அப்போது ரமணியையும் கூப்பிடலாம். முன்பு பார்த்தது திறனைத் தளர்த்துவது, இது ஒதுக்கி வைத்த ஆளைத் தளர்த்துவது. இதற்கும் ஒரு விலை உண்டு: தெலுங்கு அழைப்பே வராத நாளில் மற்றவர்கள் திணற, ரமணி முதல் நாற்பது நொடிக்குச் சும்மா இருப்பார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது ஏன் என்று மேலாளர் சொல்லியே ஆகவேண்டும், இல்லையென்றால் தேநீர் இடைவேளையில் அதுதான் பேச்சு.

இத்தனையும் சரியாக வைத்த பிறகும் கெடக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது: வேலை எப்போது கையை விட்டுப் போனதாகக் கணக்கு? Omni-Channel இதற்கும் இரண்டு வழி வைத்திருக்கிறது. திரையில் அந்த வேலையின் தாவலை ஊழியர் மூடினால் கொள்ளளவு விடுபடும் என்பது ஒன்று. வேலையின் நிலை 'முடிந்தது' என்று மாறினால்தான் விடுபடும் என்பது மற்றொன்று. நான் இருந்த ஒரு மையத்தில் முதல் வழி போட்டிருந்தார்கள். வாடிக்கையாளரின் பதிலுக்காகக் காத்திருக்கும் வேலைகளின் தாவல்களை எல்லோரும் மூடிவைப்பார்கள். திரை நெரிசல் குறையும், அவ்வளவுதான் அவர்கள் எண்ணம். கண்காணிப்புத் திரையில் செல்விக்குக் கொள்ளளவு 12-இல் 3 என்று காட்டியது. அவர் பெயரில் திறந்திருந்த வேலைகளை எண்ணினால் இருபத்தேழு. மென்பொருள் அவரைத்தான் அறையிலேயே ஓய்வாக இருப்பவர் என்று நம்பி, மேலும் மேலும் அனுப்பிக்கொண்டிருந்தது. செல்வி குறை சொல்லவில்லை. தனக்கு வேகம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு மாலையில் கூடுதல் நேரம் உட்கார்ந்தார்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. கண்காணிப்புத் திரை காட்டும் எண்ணையும், ஒருவர் பெயரில் உண்மையில் திறந்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கையையும் வாரம் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலையை வைத்து விடுவிக்கும் வழிக்கு மாறினால் இது குறையும். ஆனால் 'பதிலுக்குக் காத்திருக்கிறது' என்ற நிலையை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று முடிவுசெய்தாக வேண்டும். கையில் இருப்பதாகக் கணக்கிட்டால், காத்திருக்கும் வேலைகளாலேயே எல்லோரும் நிறைந்து புதிய வேலை நகராது. முடிந்ததாகக் கணக்கிட்டால், மாலை நாலு மணிக்கு வாடிக்கையாளர்கள் மொத்தமாகப் பதில் எழுதும்போது வேலைகள் திரும்பி வந்து, ஒருவர் கையில் 12-க்குப் பதில் 16 நிற்கும். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, மின்னஞ்சல் பார்ப்பவர்களின் கொள்ளளவைப் பன்னிரண்டிலிருந்து பத்தாகக் குறைத்தோம். திரும்பி வருபவற்றுக்கு இரண்டு அலகு ஒதுக்கீடு.

கடைசியாக, இருக்கையில் இல்லாத ஆள். ஒருவர் 'தயார்' நிலையை மாற்றாமல் எழுந்து போய்விடுகிறார். கையில் வேலை ஏதுமில்லை, எனவே எந்த விதிப்படி பார்த்தாலும் முதல் தகுதி அவருக்கே. சாட் அவர் திரைக்குப் போகிறது. Push Time-Out 30 நொடி என்றால், முப்பது நொடி அங்கே ஒலித்துவிட்டு அடுத்தவருக்கு நகர்கிறது. அடுத்த சாட்டும் முதலில் அவரிடமே போகும், அதற்கடுத்ததும். கால் மணி நேரம் அவர் வெளியே நின்றால், அந்தக் கால் மணி நேரத்தில் அந்த வரிசைக்கு வந்தவர்கள் வரிசையாக முப்பது முப்பது நொடி வீணாக்கியிருப்பார்கள். நேரம் கடந்தால் அவரைத் தானாகவே 'இருக்கையில் இல்லை' என்று மாற்றும் தேர்வு அமைப்பில் உண்டு. அதைத் தொடாமல் விட்டிருக்கும் மையங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதே பள்ளம் இருக்கையில் இருப்பவர்களிடமும் உண்டு. பாதிப் பதில் எழுதிவிட்டு வேலையை உடனே முடித்துவிடுபவர் கையும் எப்போதும் காலியாகவே இருக்கும், அவருக்கே அடுத்த வேலையும் போகும். மாத அறிக்கையில் அவர் பெயர் மேலே இருக்கும். அவர் முடித்தவற்றில் எத்தனை ஒரு வாரத்துக்குள் மீண்டும் திறக்கப்பட்டன என்ற பத்தியையும் அதே அறிக்கையில் சேர்த்த மாதம், எங்கள் மையத்தில் முதலிடம் செல்விக்கு வந்தது.